சுத்தியல் தலையின் கண்ணில் சிக்கிய முறிந்த பிடியை வெளியேற்றுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிடி தலையை ஒட்டியே முறிந்துவிட்டது. உள்ளே சிக்கிய கட்டையை மேலிருந்து கீழே அடிப்பதா, கீழிருந்து மேலே அடிப்பதா?

கீழிருந்து மேலே, அதாவது பிடி நுழைந்த பக்கத்திலிருந்து ஆப்பு அடிக்கப்பட்ட பக்கத்தை நோக்கி அடிக்க வேண்டும். இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை திசையை மாற்றி அடிப்பதால் வருபவை என்பதால், இதன் காரணத்தை முதலிலேயே விளக்கிவிடுகிறேன்.

சுத்தியலின் கண் நேரான குழாயைப் போன்ற துளை அன்று. அது நடுவில் சற்றுக் குறுகி, மேல் வாயிலும் கீழ் வாயிலும் விரிந்திருக்கும். பல சுத்தியல்களில் மேல் வாயின் விரிவு கீழ் வாயினதைவிட அதிகம். புதுப் பிடியைப் போடும்போது அதைக் கீழ் வாய் வழியாக நுழைத்து, அதன் உச்சியில் வாளால் பிளந்து வைத்த வெட்டுக்குள் மர ஆப்பை அடித்து இறக்குவார்கள். ஆப்பு இறங்க இறங்கப் பிடியின் உச்சி இரு பக்கமும் விரிந்து மேல் வாயை நிரப்பிக்கொள்கிறது. விரிந்த அந்த உச்சியால் குறுகிய இடுப்பைத் தாண்டிக் கீழே இறங்க முடியாது. தலை பிடியிலிருந்து கழன்று பறக்காமல் இருப்பதற்கு இந்த அமைப்பே காரணம்.

இப்போது முறிந்த கட்டையை மேலிருந்து அடித்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். அந்த அடி ஆப்பின் தலையிலும் விழுகிறது. ஆப்பு மேலும் இறங்கி, மரத்தை மேலும் விரித்து, கட்டையை முன்னைவிட இறுக்கமாகக் கண்ணில் பூட்டிவிடுகிறது. கீழிருந்து அடித்தால் ஆப்பும் மரமும் சேர்ந்து விரிந்த வாயை நோக்கி நகர்கின்றன. கட்டையின் அகன்ற பகுதி இடுப்பைக் கடக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. கீழ் வாயின் சிறிய விரிவில் நசுங்கியிருக்கும் மரம் மட்டும் இடுப்பைக் கடக்க வேண்டும். ஆப்பின் அழுத்தத்தை முன்கூட்டியே தளர்த்திவிட்டால் அது பெரிய தடையாக இராது.

பழைய சுத்தியல் இது. பிடி முழுவதும் போய்விட்டதால் எது மேல், எது கீழ் என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

கட்டையின் இரு முனைகளையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் மரம் வாளால் அறுக்கப்பட்டுச் சமமாக இருக்கும். அதில் கண்ணின் நீளவாக்கில் மர ஆப்பின் கோடு ஒன்றும், அதற்குக் குறுக்கே அல்லது சாய்வாக இரும்பு ஆப்பின் விளிம்பு ஒன்றும் தெரியக்கூடும். அதுவே மேல்பக்கம். மறு முனையில் மரம் நார் நாராகப் பிய்ந்து கிடக்கும், அது கீழ்ப்பக்கம்.

ஆணி பிடுங்கும் சுத்தியலில் வேறொரு அடையாளமும் உண்டு. அதன் கண் கீழ்ப்பக்கத்தில் சிறு கழுத்துப் போல நீண்டு பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கழுத்து எங்கே இருக்கிறதோ அது கீழ். இரண்டு அடையாளங்களும் கிடைக்காவிட்டால் வாயின் நீள அகலங்களை இருபுறமும் அளந்து பாருங்கள். அகன்ற வாயைப் பெரும்பாலும் மேல்வாயாகக் கொள்ளலாம்.

முறிந்த பிடியில் இரண்டு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதை வைஸில் பிடித்துத் திருகி இழுக்க முடியாதா?

அந்தத் துண்டைப் பிடித்து இழுப்பது என்பது கட்டையைக் கீழ்நோக்கி இழுப்பதுதான். மேலே விரிந்திருக்கும் மரம் அதற்கு இடம் கொடுக்காது. கண் நீள்வட்டமாக இருப்பதால் திருகவும் முடியாது. திருகினால் வெளியே நிற்கும் மரம் மட்டும் முறுகிப் பிய்ந்து வரும்.

நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைத் தலையின் அடிப்பக்கத்தோடு சமமாக ஹேக்சா பிளேடால் அறுத்துவிடுங்கள். இதைத் தவிர்க்க முடியாததற்குக் காரணம் உண்டு. தலைக்குச் சற்றுக் கீழே பிடியில் தோள் போன்ற ஒரு பருமன் இருக்கும். அது கண்ணைவிட அகலமானது. அது இருக்கும் வரை கட்டையை மேல்நோக்கி எவ்வளவு அடித்தாலும் அது கீழ்வாயில் முட்டி நின்றுவிடும். மேலும், அறுத்த பின் கிடைக்கும் சமமான முகம்தான் துளையிடுவதற்கும் கம்பியை நிறுத்தி அடிப்பதற்கும் ஏற்றது. அறுக்கும்போது பிளேடு தலையின் அடிப்பக்கத்தில் உரசினால் கவலை வேண்டாம்; கண்ணைச் சுற்றிய பகுதி மென்மையான இரும்பு என்பதால் சிறு கீறல் மட்டுமே விழும். உச்சியில் மேல்வாய்க்கு வெளியே சில மில்லிமீட்டர் மரம் நீட்டியிருந்தால் அதை அறுக்கத் தேவையில்லை.

துளையிடாமல் நேராக அடித்தே வெளியேற்றிவிட முடியாதா?

சில நேரங்களில் முடியும். காய்ந்து சுருங்கி, பிடி ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த சுத்தியலாக இருந்தால் ஓரிரு அடியிலேயே கட்டை நகரும். எனவே அறுத்து முடித்ததும் ஒரு முறை மிதமாக அடித்துப் பார்ப்பதில் தவறில்லை. நகரவில்லை என்றால் அத்துடன் நிறுத்துங்கள். இறுகிய கட்டையைத் தொடர்ந்து அடித்தால் அதன் முகம் நசுங்கிப் பக்கவாட்டில் விரிகிறது. அந்த விரிவும் கண்ணின் சுவரை அழுத்தத் தொடங்கி, ஆப்பு செய்த வேலையையே உங்கள் அடியும் செய்துவிடும். துளையிடுவதன் நோக்கம் மரத்தை முழுவதும் குடைந்து எடுப்பது அன்று. ஆப்பின் அழுத்தம் தங்கியிருக்கும் நடுப்பகுதியில் வெற்றிடம் உண்டாக்கினால், சுவரை ஒட்டிய மரம் உள்நோக்கிச் சரிய இடம் கிடைக்கிறது. அதன் பிறகு அடி முழுவதும் கட்டையை நகர்த்தவே செலவாகும்.

அரைக் கிலோ பந்து முனைச் சுத்தியல் ஒன்று இருக்கிறது. உள்ளே மர ஆப்பும் இரும்பு ஆப்பும் இருக்கின்றன. முதலிலிருந்து கடைசி வரை எப்படிச் செய்வது?

பட்டறைகளில் பால்பீன் என்று அழைக்கப்படும் இந்தச் சுத்தியலை எடுத்துக்கொண்டது நல்லது. ஏனெனில் இதில் தேர்ச்சி பெற்றால் மற்றவற்றில் அளவு மட்டுமே மாறும். கண் மேல்வாயில் ஏறத்தாழ 22 மி.மீ. நீளமும் 15 மி.மீ. அகலமும், 28 மி.மீ. ஆழமும் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். மர ஆப்பு நீளவாக்கில் நடுக்கோட்டில் இருக்கிறது. இரும்பு ஆப்பு அதற்குக் குறுக்காக, நீள்வட்டத்தின் நடுவில் இருக்கிறது. உங்கள் சுத்தியலில் அளவுகள் வேறாக இருந்தால், துளைகளின் இடத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் நீட்டியிருக்கும் மரத்தைக் கீழ்ப்பக்கம் சமமாக அறுங்கள். பிறகு தலையை வைஸில், அறுத்த முகம் மேலே பார்க்கும்படி பிடியுங்கள். வைஸின் தாடைகளுக்கும் தலைக்கும் இடையில் தகரத் துண்டோ மெல்லிய பலகையோ வைத்தால் தலையில் பல்தடம் விழாது. அடிமுகத்திலிருந்து துளையிடச் சொல்வதற்குக் காரணம், இரும்பு ஆப்பு மேல்முனையில் இருப்பதுதான். கீழிருந்து தொடங்கினால் முதல் பகுதி ஆழம் வரை வெறும் மரத்திலேயே துளை ஓடும்.

அடுத்து, நீளவாக்கு நடுக்கோட்டைப் பென்சிலால் வரையுங்கள். அந்தக் கோட்டில் இரு முனைகளிலிருந்தும் 6 மி.மீ. உள்ளே தள்ளி ஒவ்வொரு புள்ளி வைத்து, அந்த இரு புள்ளிகளிலும் பஞ்ச் எனப்படும் கூர்முனை இரும்புக் குச்சியால் குழி அடியுங்கள். மரத்தின் வெட்டுமுனையில் டிரில் பிட் மென்மையான வளையத்தைத் தேடி விலகிச் செல்லும் இயல்புடையது. இந்தக் குழி இல்லாவிட்டால் அது கண்ணின் சுவரை நோக்கியே போகும். இரு புள்ளிகளிலும் 5 மி.மீ. பிட்டால், மெதுவான வேகத்தில், மறுபக்கம் வரும் வரை துளையிடுங்கள். இடையிடையே பிட்டை வெளியே எடுத்து மரத்தூளை உதற வேண்டும். இல்லாவிட்டால் தூள் அடைத்துப் பிட் சூடேறும். இவ்வாறு வைத்த துளை சுவரிலிருந்து 3 மி.மீ.க்கு மேல் விலகியும், நடுவில் குறுக்கே நிற்கும் இரும்பு ஆப்பைத் தொடாமலும் செல்லும்.

பின்னர் ஒவ்வொரு பெரிய துளைக்கும் இருபுறமும், அகலவாக்கில், 3 மி.மீ. பிட்டால் ஒவ்வொரு சிறு துளை இடுங்கள். பெரிய துளையோடு இவை இணைந்து இரண்டு குறுக்குப் பள்ளங்களாகிவிடும். இந்தப் பள்ளங்கள் நடுக்கோட்டில் இருக்கும் மர ஆப்பை இரு இடங்களில் துண்டித்துவிடுகின்றன. கட்டையும் இரு முனைத்துண்டுகளாகவும் ஒரு நடுத்துண்டாகவும் ஏறத்தாழப் பிரிந்துவிடுகிறது. இத்தனை போதும். சுவரை ஒட்டிய மரத்தையும் டிரிலால் சுரண்டி எடுக்க முயலக் கூடாது, அது தேவையற்றதும் ஆபத்தானதும் ஆகும்.

இனி அடிக்கும் கட்டம். கனமான இரண்டு மரக்கட்டைகளைச் சிமெண்டுத் தரையில் 30 மி.மீ. இடைவெளி விட்டு அடுத்தடுத்து வையுங்கள். சுத்தியல் தலையைத் தலைகீழாக, மேல்வாய் அந்த இடைவெளிக்கு நேராக இருக்கும்படி வையுங்கள். தலையின் தட்டை முகப்பகுதி ஒரு கட்டை மீதும், பந்து முனைப்பகுதி மற்றொன்றின் மீதும் தங்க வேண்டும். தலை உருளாதபடி இருபுறமும் சிறு சக்கை கொடுங்கள். கண்ணில் சிக்கிய கட்டையின் நடுவில் 12 மி.மீ. பருமனும் 12 செ.மீ. நீளமும் உள்ள மைல்டு ஸ்டீல் உருட்டுக் கம்பியை நிறுத்தி, வேறொரு சுத்தியலால் அடியுங்கள். முதல் சில அடிகள் மிதமாக இருக்கட்டும். ஒவ்வோர் அடிக்குப் பின்னும் கம்பி கீழ்வாய் விளிம்பிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். அதோடு தலையைத் தூக்கி, மேல்வாயில் மரம் வெளியே தள்ளியிருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பி இறங்கியும் மேலே மரம் தள்ளாவிட்டால், மரம் நசுங்குகிறதே தவிர நகரவில்லை என்று பொருள்.

இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டால் கடினமான பகுதி முடிந்தது. அடியின் ஓசையே மாறும். அடைத்துக்கொண்ட ஓசை மறைந்து தலை லேசாகக் கணகணக்கத் தொடங்கும். அதன் பின் நடுத்துண்டு ஆப்புகளோடு இடைவெளியில் விழும். சுவரோடு ஒட்டி நிற்கும் முனைத்துண்டுகளைக் கம்பியை ஓரமாக நிறுத்தி ஒவ்வொன்றாகத் தட்டிவிடலாம்.

எதை வைத்து அடிப்பது சரி? வீட்டில் உளி, பெரிய ஆணி, கட்டுமானக் கம்பி எல்லாம் இருக்கின்றன.

தேவையானது கண்ணின் அகலத்தைவிட மூன்று மில்லிமீட்டர் அளவுக்காவது மெலிந்த, முனை தட்டையான, மென்மையான இரும்புக் கம்பி. பித்தளைத் தண்டும் நன்றாக உதவும். கூர்மையான ஆணியோ உளியோ மரத்துக்குள் இறங்கி, தானே ஓர் ஆப்பாகிக் கட்டையை இறுக்கிவிடும். கட்டுமானத்துக்குப் பயன்படும் முறுக்குக் கம்பியின் வரிகள் கண்ணின் சுவரைக் கீறக்கூடும். அதன் மேற்பரப்பும் கடினமாக்கப்பட்டது. போல்ட் ஒன்றைப் பயன்படுத்துவதானால் மரை இல்லாத பகுதியே கண்ணுக்குள் செல்லும்படி முனையை அறுத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கும் சுத்தியலின் முகம், பழுதான சுத்தியலின் முகத்திலோ பந்து முனையிலோ நேரடியாகப் படவே கூடாது. சுத்தியலின் முகங்கள் நெருப்பில் காய்ச்சித் துவைச்சல் போட்டுக் கடினமாக்கப்பட்டவை. கடினமான இரு முகங்கள் ஒன்றோடொன்று மோதினால் விளிம்பிலிருந்து சில்லு தெறிக்கும். அது கண்ணில் பாய்ந்தால் பார்வையே போய்விடலாம். கம்பி நழுவும்போதுதான் இத்தகைய மோதல் நிகழ்கிறது என்பதால், முதல் அடியிலிருந்தே பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருங்கள். கம்பியின் தலை அடிபட்டு இதழ் இதழாக விரிந்திருந்தால் அதையும் சாணை பிடித்துச் சமமாக்கிவிட்டே பயன்படுத்த வேண்டும்.

டிரில் பாதியில் இரும்பில் முட்டி நின்றுவிட்டது. கண்ணில் இரும்பு ஆப்பு எதுவும் தெரியவில்லையே?

நம் ஊர்களில் பிடி ஆடத் தொடங்கியதும் உச்சியில் ஒன்றிரண்டு கம்பி ஆணிகளை அடித்துச் சமாளிக்கும் வழக்கம் பரவலாக உண்டு. அவற்றின் தலை துருவேறி மரத்தின் நிறத்தில் மறைந்திருக்கும். காந்தம் ஒன்றை நூலில் கட்டி உச்சிக்கு மேலே பிடித்தால் சுற்றியிருக்கும் தலையே அதை ஈர்த்துவிடும். ஆகையால் காந்தம் இங்கே பயன்படாது. கம்பித் தூரிகையால் நன்றாகத் தேய்த்து, துருக்கறை உள்ள புள்ளிகளை ஊசியால் குத்திப் பார்ப்பதே நம்பகமான வழி.

பிட் இரும்பைத் தொட்டதும் ஓசை கீச்சென்று மாறும். பழுப்பு நிறத் தூளோடு பளபளக்கும் துகள் கலந்து வரும். அந்த நொடியிலேயே நிறுத்துங்கள். அழுத்தினால் மெல்லிய பிட் உடைந்து உள்ளே தங்கிவிடும். அது அங்கே ஏற்கெனவே இருப்பவற்றைவிட மோசமான தடை. அந்தத் துளையை அப்படியே விட்டுவிட்டு, அதன் இருபுறமும் 3 மி.மீ. துளைகளால் சுற்றி வாருங்கள். ஆணியைச் சூழ்ந்த மரம் தளர்ந்ததும், உச்சிப்பக்கத்தில் அதன் தலையைச் சுற்றிச் சிறு உளியால் குடைந்து, கட்டிங் பிளையரால் பிடித்து இழுக்கலாம். இழுக்க வராவிட்டாலும் கவலை இல்லை. கட்டையைக் கீழிருந்து அடிக்கும்போது ஆணியும் அதோடு சேர்ந்து மேலே வந்துவிடும்.

தலையின் கன்னத்தில், அதாவது கண்ணின் பக்கச் சுவரின் வெளிப்புறத்தில், ஒரு சிறு துளையும் அதில் ஓர் ஆணியின் முனையும் தெரிந்தால், யாரோ பிடியைக் குறுக்காக ஆணியடித்து நிறுத்தியிருக்கிறார்கள். அந்த ஆணியை மெல்லிய பஞ்ச் குச்சியால் தட்டி அகற்றாமல் கட்டையில் கை வைக்க வேண்டாம். எவ்வளவு அடித்தாலும் அது நகராது.

என்னிடம் டிரில் இல்லை. என்ன செய்யலாம்?

6 மி.மீ. அகலமுள்ள உளி போதும், ஆனால் பொறுமை வேண்டும். தலையை வைஸில் உறுதியாகப் பிடித்து, அறுத்த முகத்தில் உளியை மர ஆப்பின் கோட்டுக்குக் குறுக்காக நிறுத்தி, லேசாகத் தட்டி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கியதும் நெம்பிச் சில்லை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் சில்லை எடுப்பதுதான் இதன் உயிர்நாடி. உளியை ஒரே மூச்சில் ஆழமாக இறக்கினால் அது மரத்தை விரித்துச் சுவரோடு இறுக்கும். நடுவில் கண்ணின் பாதி ஆழத்துக்குப் பள்ளம் விழுந்துவிட்டால் பல கட்டைகள் அடிக்கு இணங்கிவிடும். தச்சரிடம் இருக்கும் கையால் சுழற்றும் துளைப்பான் கிடைத்தால் அது மின் டிரிலைவிடவும் கட்டுப்பாட்டோடு செல்லும். வேலை சற்று நேரம் எடுக்கும், அவ்வளவே.

கட்டையில் திருகாணியை இறக்கி, அதைப் பிடித்து இழுக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. துளையிடாத கட்டையில் திருகாணியும் ஆப்பைப் போலவே மரத்தை விரிக்கிறது. அதன் மரைகள் தாங்கும் இழுவிசையும் இந்த வேலைக்குப் போதாது. அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தலையை அடுப்பில் போட்டு மரத்தை எரித்துவிட்டால் எளிதில் முடிந்துவிடுமே?

மரம் போய்விடும், அதோடு சுத்தியலும் போய்விடும். முகத்துக்கும் பந்து முனைக்கும் கொடுத்த கடினம், எஃகைச் செந்நிறமாகக் காய்ச்சித் தோய்த்து, பின்பு 200 முதல் 300 பாகை செல்சியஸ் வரையிலான மிதமான சூட்டில் பதப்படுத்திப் பெறப்பட்டது. பதப்படுத்திய சூட்டைவிட அதிகமாக அது சூடானால் கடினம் குறையத் தொடங்கும்; சூடு ஏற ஏற இழப்பும் ஏறும். விறகுத் தணலின் சூடு 600 பாகையைத் தாண்டிவிடும். அந்தத் தணலில் கிடந்த தலை வெளியே பார்க்க அப்படியே இருக்கும். ஆணி அடிக்கத் தொடங்கியதும் முகத்தில் குழி குழியாக விழும், விளிம்பு மடங்கும்.

கோடாரியின் வாயை ஈர மண்ணில் புதைத்துவிட்டுக் கண்ணை மட்டும் எரிப்பது பழைய வழக்கம். கோடாரியில் கடினமான பகுதி ஒரு முனையில் மட்டும், அதுவும் கண்ணுக்குத் தொலைவில் இருக்கிறது. சுத்தியலில் கண்ணின் இருபுறமும் இரண்டு கடினமான முனைகள் சில சென்டிமீட்டர் தூரத்திலேயே இருக்கின்றன. கண்ணில் எரியும் நெருப்பின் சூடு அவற்றை எட்டாமல் தடுப்பது நடைமுறையில் கடினம். ஆகவே அந்த வழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்.

வாங்கிய பழைய தலை ஏற்கெனவே எரிக்கப்பட்டதா என்று ஐயம் இருந்தால், முகத்தின் விளிம்பில் அரத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நல்ல முகத்தில் அரம் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போகும். சூடு பட்டு இளகிய முகத்தில் அது பற்றித் தூள் எடுக்கும். மெருகேற்றிய இடங்களில் நீலமோ வைக்கோல் நிறமோ படர்ந்திருப்பதும் சூடு பட்டதன் அடையாளம். நீலம் ஏறத்தாழ 300 பாகையைக் காட்டுகிறது. இளகிவிட்ட தலையை எறிய வேண்டியதில்லை. எஃகின் இயல்பறிந்த கொல்லர் ஒருவர் முனைகளை மீண்டும் காய்ச்சித் துவைச்சல் போட்டுத் தர முடியும்.

தண்ணீரில் அல்லது எண்ணெயில் ஊறவைத்தால் மரம் இளகி வராதா?

நீர் மரத்தை உப்பச் செய்யும். ஆடும் பிடியைத் தற்காலிகமாக இறுக்குவதற்கு ஆசாரிகளும் கொத்தனார்களும் சுத்தியலை வாளித் தண்ணீரில் போட்டு வைப்பதன் காரணமே அதுதான். உங்களுக்கு வேண்டியது அதன் எதிர்நிலை. தலையை நல்ல கோடை வெயிலில், சிமெண்டுத் தளத்தின் மீது சில நாட்கள் வைத்தால், மரம் நாருக்குக் குறுக்கான திசையில் சுருங்கும். கண்ணின் சுவரை அழுத்துவது அந்தத் திசையில்தான் என்பதால் சுருக்கம் அப்படியே பயன்படுகிறது. அவசரமில்லாதவர்கள் துளையிட்ட பிறகு வெயிலில் காயவைத்தால் துளைகள் வழியாக உள் ஈரமும் வெளியேறும். நேர் வெயிலின் சூடு முகத்தின் கடினத்தை எந்த வகையிலும் பாதிக்காது.

எண்ணெய் மரத்தை விடுவிக்காது. துருவேறிய சுவரில் சற்று வழுக்கலை உண்டாக்கலாம். ஆனால் கண்ணுக்குள் எண்ணெய் ஊறிவிட்டால், புதுப் பிடி போடும் முன் அதைத் துடைத்து அகற்ற வேண்டிய வேலை கூடுதலாகச் சேர்கிறது.

துளையிட்டும் கட்டை அசையவில்லை. எங்கே தவறு?

முதலில் தலை எதன் மீது தங்கியிருக்கிறது என்று பாருங்கள். கீழே உள்ள கட்டைகளின் இடைவெளி குறுகி, வெளியேற வேண்டிய மரமே அவற்றின் மீது முட்டிக்கொண்டிருப்பது மிகப் பொதுவான காரணம். இரண்டாவது, அடித்தளம் துள்ளுவது. மேசையின் நடுவிலோ பலகை மீதோ வைத்து அடித்தால் அடியின் பாதி பலகையைத் துள்ளச் செய்வதிலேயே வீணாகும். மேசையின் கால் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே அல்லது தரையில் வையுங்கள். மூன்றாவது, சிறிய சுத்தியலால் பலமுறை தட்டுவது. இறுகிய கட்டைக்கு ஒரு கிலோ எடையுள்ள சுத்தியலின் இரண்டு திடமான அடிகள், கால் கிலோச் சுத்தியலின் ஐம்பது தட்டுகளைவிட மேலானவை.

இவை மூன்றும் சரியாக இருந்தும் அசையாவிட்டால், கண்ணுக்குள் ஒட்டுப்பசை ஊற்றப்பட்டிருக்கலாம். துளையின் ஓரத்தில் மரத்தூளுக்குப் பதிலாகக் கண்ணாடி போன்ற, மங்கிய மஞ்சள் நிறச் சில்லுகள் வந்தால் அது எப்பாக்சிப் பசை. அந்நிலையில் இன்னும் சில துளைகளிட்டு, நடுத்துண்டை முழுவதும் வெளியேற்றிவிட்டு, சுவரில் ஒட்டிய மரத்தை உளியால் உள்நோக்கிப் பெயர்த்து எடுப்பதே வழி.

ஆணி பிடுங்கும் சுத்தியல், சம்மட்டி, மண்வெட்டி எல்லாவற்றுக்கும் இதே முறைதானா?

ஆணி பிடுங்கும் சுத்தியலுக்கும் சம்மட்டிக்கும் இதே முறைதான். முன்னதில் கண்ணின் கழுத்து நீண்டிருப்பதால் துளை ஆழமாகச் செல்ல வேண்டும். அதன் கொக்கிகளைத் தரையில் ஊன்றி அடிக்காமல், கண்ணைச் சுற்றிய பகுதியைத் தாங்கி அடிக்க வேண்டும். சம்மட்டியில் மரத்தின் அளவு அதிகம் என்பதால் 10 மி.மீ. பிட்டும், 20 மி.மீ. கம்பியும் தேவைப்படும்.

மண்வெட்டியும் பிக்காசும் பெரும்பாலும் வேறு இனம். பிடி மேல்வாய் வழியாக நுழைந்து, அடிப்பகுதியை நோக்கிச் சென்று, அதன் பருத்த உச்சியே கண்ணில் பொருந்தி நிற்கும். பயன்படுத்தும் வீச்சே அதை மேலும் இறுக்கும். அத்தகைய கண்ணில் சிக்கிய கட்டையையும் அது நுழைந்த வாயை நோக்கியே திருப்பி அடிக்க வேண்டும், அதாவது குறுகிய வாயிலிருந்து அகன்ற வாய்க்கு. எந்தக் கருவியானாலும் அகன்ற வாய் எது என்று அளந்துவிட்டு அடிப்பதே பாதுகாப்பானது.

கண்ணாடியிழைப் பிடி முறிந்த சுத்தியலில் பிடி பசையால் ஒட்டப்பட்டிருப்பதால், இங்கே சொன்னவை முழுமையாகப் பொருந்தா. அதைத் துளையிடும்போது வரும் தூள் நுரையீரலுக்குக் கேடானது. முகக்கவசம் இன்றித் துளையிடக் கூடாது.

கட்டை வந்துவிட்டது. புதுப் பிடி போடுமுன் கண்ணில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் வெடிப்பு. கன்னங்கள் மெலிந்த இடத்திலும், நீள்வட்டத்தின் இரு முனைகளிலும் மயிரிழைக் கோடு ஏதும் இருக்கிறதா என்று, உள்ளும் புறமும் துடைத்துவிட்டு உருப்பெருக்கியால் பாருங்கள். ஐயமிருந்தால் அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவித் துணியால் உலரத் துடைத்து, சுண்ணாம்புத் தூள் பூசி வையுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் சிறிது நேரத்தில் வெண்மையில் கோடாகக் கசியும். வெடித்த தலைக்குப் பிடி போடக் கூடாது.

அடுத்து, டிரில் பிட் தவறிச் சுவரில் பட்டு எழுப்பிய பிசிறுகள். அவற்றை வட்ட அரத்தால் நீக்குங்கள். இவை சிறியவையாகத் தோன்றினாலும், புதுப் பிடியை அடித்து நுழைக்கும்போது அதன் நார்களை வெட்டிவிடும். பிடி மறுபடியும் அதே இடத்தில் முறிய அதுவே தொடக்கமாகிறது. கீழ்வாயின் விளிம்பு கத்திபோல் கூர்மையாக இருந்தால் அதையும் அரத்தால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உருட்டிவிடுங்கள். பிடி முறிவது பெரும்பாலும் அந்த விளிம்பில்தான்.

வெளியே வந்த துண்டுகளை உடனே எறிந்துவிட வேண்டாம். முனைத்துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் கண்ணின் இடுப்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு குறுகுகிறது என்பது அவற்றின் பக்கங்களில் பதிந்திருக்கும். புதுப் பிடியைச் செதுக்குபவருக்கு அது நல்ல அளவுகோல். இரும்பு ஆப்பு நேராக இருந்தால் கம்பித் தூரிகையால் துரு நீக்கி மீண்டும் பயன்படுத்தலாம். மர ஆப்பைப் புதிதாகவே சீவிக்கொள்ளுங்கள், பழையதன் பருமனை மட்டும் அதற்கு அளவாக வைத்துக்கொண்டு.